கடையின் சமூக ஊடகக் கணக்குகள்: பொறுப்பு மாறும்போது கேட்கப்பட்ட கேள்விகள்

காரைக்குடியில் ஒரு செட்டிநாட்டுப் பலகாரக் கடையின் ஊடகப் பக்கங்களை மூன்று வருடம் பார்த்துக்கொண்டேன். இந்த மாதத்தோடு விலகுகிறேன். எனக்குப் பிறகு வரும் தம்பிக்கு ஒரு நோட்டு எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த பிறகும் அவரும், கடை ஆச்சியும், பார்சல் கட்டும் அண்ணனும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்டார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

அக்கா, பேஸ்புக் பேஜுக்கு பாஸ்வேர்ட் என்ன? நோட்டுல எழுதவே இல்லையே.

பேஜுக்குத் தனியாகப் பாஸ்வேர்ட் கிடையாது. யாரோ ஒருவருடைய சொந்தப் பேஸ்புக் கணக்கு வழியாகத்தான் அதற்குள் போக முடியும். அதனால் நான் உங்களுக்குத் தருவது பாஸ்வேர்ட் இல்லை, அனுமதி. உங்கள் சொந்தக் கணக்கை Meta Business Suite அமைப்பில் People என்ற இடத்தில் சேர்த்து, பேஜையும் இன்ஸ்டாகிராமையும் விளம்பரக் கணக்கையும் அதற்கு ஒதுக்கியிருக்கிறேன். நீங்கள் எப்போதும்போல உங்கள் கணக்கில் நுழைந்தால் கடைப் பேஜ் அங்கேயே தெரியும்.

உங்களைத் தவிர, முழு அதிகாரம் இப்போது மூன்று பேரிடம் இருக்கிறது: ஆச்சி, ஆச்சியின் மகள், நான். என் இடத்துக்கு நீங்கள் வருவீர்கள். எந்தக் காலத்திலும் இது ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. அந்த ஒருவருடைய கணக்கு முடங்கினால் கடைப் பேஜும் கூடவே கைவிட்டுப் போய்விடும். ஆச்சி பேஸ்புக் பார்ப்பதே இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். பார்க்க வேண்டாம், அவர் பெயர் அங்கே இருந்தால் போதும். கடைக்குச் சொந்தக்காரர் அவர்தானே.

அப்போ இன்ஸ்டாகிராமுக்கும் அப்படித்தானா?

இல்லை. இன்ஸ்டாகிராமுக்குச் சொந்தமாகப் பயனர் பெயர், பாஸ்வேர்ட், மின்னஞ்சல், தொலைபேசி எண் எல்லாம் உண்டு. சிக்கல் வருவதும் இங்கேதான். பேஜோடு இணைத்திருப்பதால் பதிவு போடுவது, கமெண்டுக்குப் பதில் சொல்வது எல்லாவற்றையும் Business Suite வழியாகவே செய்யலாம். தினசரி வேலைக்கு அந்தப் பாஸ்வேர்ட் உங்களுக்குத் தேவைப்படாது.

நேரடியாக நுழைய வேண்டிய வேலை சில உண்டு. அதற்குக் கடை போனில் மட்டும் நுழையுங்கள். உங்கள் சொந்தப் போனில் வேண்டாம். பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள், நானே கேட்டாலும்கூட.

பாஸ்வேர்டுதான் இருக்கே, அந்த எட்டு இலக்க எண்களை எதுக்கு இரும்புப் பெட்டியில வைக்கணும்?

இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். இன்ஸ்டாகிராமுக்குள் நுழைய வேறு வழி இல்லாதபோது உதவும் மாற்று எண்கள் அவை. நான் சேர்ந்த முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் நல்ல மனிதர், நன்றாக வேலை பார்த்தவர். இன்ஸ்டாகிராம் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை அவர்தான் போட்டார். ஆனால் குறுஞ்செய்தி வருவதற்குத் தன் சொந்த ப்ரீபெய்டு எண்ணைக் கொடுத்திருந்தார். வேறு ஊருக்குப் போனதும் புது எண் வாங்கிக்கொண்டார், பழைய சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போனது. கடை போனில் இன்ஸ்டாகிராம் ஏற்கெனவே திறந்தே இருந்ததால் மாதக்கணக்கில் யாருக்கும் இது தெரியவில்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கடை போன் எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் விழுந்து உடைந்தது. புதுப் போனில் சரியான பாஸ்வேர்டைப் போட்டேன். குறுஞ்செய்தியில் வந்த எண்ணைக் கேட்டது. அது உயிரில்லாத சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தது.

வேறு வழிகளைத் தேடினோம். முகத்தை வீடியோ எடுத்து அனுப்பும் வழி, கணக்கில் நம் முகப்படங்கள் இருந்தால்தான் பயன்படும். எங்கள் பக்கத்தில் இருந்தது தேன்குழலும் மனகோலமும் மட்டும். முகம் இல்லாத கணக்கென்றால் உதவிக் குழு வேறு விஷயங்களைக் கேட்கும்: கணக்குத் தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சல் அல்லது எண் எது, எந்த வகைப் போனில் தொடங்கினீர்கள். இரண்டும் எனக்குத் தெரியாது. பழையவரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். மின்னஞ்சல் அவருடையதாகவே இருந்தது. அவர் ஒவ்வொரு கடிதத்தையும் படித்துச் சொல்லச் சொல்ல, நாங்கள் பதில் எழுதினோம். ஒன்பது நாள் ஆயிற்று. அவருக்கு எங்கள் மேல் மனக்கசப்பு இருந்திருந்தால் அந்தக் கணக்கு போனதுதான்.

அந்த எட்டு இலக்க எண்கள்தான் இதற்கு மருந்து. Accounts Center, Password and security, Two-factor authentication என்று போய், கணக்கைத் தேர்ந்து, Additional methods என்பதில் Backup codes எடுக்கலாம். ஐந்து எண்கள் வரும். ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். போன் உடைந்தாலும் சிம் தொலைந்தாலும் இதில் ஒன்றைப் போட்டு உள்ளே போய்விடலாம். புதிதாக ஐந்து எண் எடுத்தால் பழைய தாள் செல்லாது, அதனால் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை வையுங்கள். அதே தாளின் பின்பக்கத்தில் கணக்குத் தொடங்கிய மின்னஞ்சலையும் போன் வகையையும் எழுதியிருக்கிறேன். பெட்டிச் சாவி ஆச்சியிடம்.

இப்போ அந்த கோடு எந்த நம்பருக்கு வருது?

எந்த எண்ணுக்கும் வருவதில்லை. குறுஞ்செய்தியை எடுத்துவிட்டு அங்கீகாரச் செயலிக்கு மாற்றிவிட்டேன். அது கடை போனிலும் ஆச்சியின் மகள் போனிலும் இருக்கிறது. சிம் இல்லாவிட்டாலும் எண் காட்டும். மின்னஞ்சலும் கடைப் பெயரில் தொடங்கியதுதான். அந்த மின்னஞ்சலுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறது, மீட்பு எண்ணாக ஆச்சியின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். மற்ற எல்லாக் கணக்குகளையும் அந்த மின்னஞ்சல் வழியாகத்தான் மீட்க முடியும். அதனால் அதன் பாஸ்வேர்டை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள்.

கடை வாட்ஸ்அப் நம்பர் தொலைஞ்சு போனா என்ன பண்றது?

சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மாற்றுச் சிம் வாங்க முடியும். முன்பு அது ஒரு பழைய ஊழியர் பெயரில் இருந்தது. இப்போது ஆச்சி பெயருக்கு மாற்றியாயிற்று. மாற்றுச் சிம் போட்ட பிறகு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. இது மோசடியைத் தடுக்க நம் நாட்டில் வைத்திருக்கும் விதி. பதற வேண்டாம், ஒரு நாள் பொறுத்து வாட்ஸ்அப்பைத் திறங்கள்.

திறக்கும்போது ஆறு இலக்க பின் ஒன்றும் கேட்கும். அது பெட்டித் தாளில் மூன்றாவது வரியில் இருக்கிறது. மறந்தால் மீட்க மின்னஞ்சலும் கொடுத்து வைத்திருக்கிறேன். மின்னஞ்சல் கொடுக்காமல் பின்னை மறந்தவர்கள் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். தீபாவளி வாரத்தில் ஏழு நாள் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பார்சல் அண்ணன் தன் கணினியில் கடை வாட்ஸ்அப்பை இணைத்து வைத்திருக்கிறார். கடை போனை 14 நாள் தொடாமல் வைத்தால் அந்த இணைப்பு தானாகவே அறுந்துவிடும் என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

காலண்டரை ஏன் தமிழ் மாசத்துல போட்டிருக்கீங்க? கூகுள் காலண்டர்ல போட்டா ஈஸிதானே.

கூகுளிலும் போட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் ஆர்டர் தமிழ் மாதத்தைப் பார்த்துத்தான் வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அதனால் சீர்ப் பலகாரம் கேட்டு யாரும் வரமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் போன் ஓயாது, தையிலும் அப்படித்தான். ஆடியில் கல்யாணப் பலகாரத்துக்கு விளம்பரம் போட்டுப் பணத்தை வீணாக்கியிருக்கிறோம். அது நான் செய்த தவறு.

ஆடி எங்களுக்குப் படம் எடுக்கும் மாதம். அடுப்படியில் கூட்டம் இருக்காது, அக்காமார்களுக்கும் நிதானம் இருக்கும். சீப்பு சீடை உருட்டுவது, கை முறுக்கு சுற்றுவது, அதிரசப் பாகு பதம் பார்ப்பது எல்லாம் ஆடியில் எடுத்து வைத்தவைதான் வருடம் முழுக்க ஓடின. காலை ஒன்பது மணிக்கு முன்னால் எடுங்கள். முற்றத்து வெளிச்சம் நேராக அடுப்படி வாசல் வரை வரும். அதற்கப்புறம் புகையும் நிழலும்தான்.

தீபாவளிக்கு எப்ப ஆரம்பிக்கணும்?

தீபாவளி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. பலகாரம் வாடிக்கையாளர் வீட்டில் வெள்ளிக்கிழமையாவது இருக்க வேண்டும், அதாவது நவம்பர் 6. சென்னை, பெங்களூர் பார்சலுக்கு அந்தச் சமயத்தில் நாங்கள் ஐந்து நாள் வைத்துக்கொள்கிறோம், எனவே கடைசியாகக் கட்டுவது நவம்பர் 1. கட்டுவதற்கு முன் நாலு நாள் அடுப்பு வேலை. ஆகவே உள்நாட்டு ஆர்டர் அக்டோபர் 28-இல் முடிய வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவுக்கு இன்னும் பத்து நாள் முன்னால், அக்டோபர் 18.

முதல் அறிவிப்பு அந்த வெளிநாட்டுக் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் போக வேண்டும், அதாவது அக்டோபர் 4. அன்று ஞாயிறு, நல்ல நாள்தான். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் இரவு எட்டு மணிக்குப் போட்டால் அங்கே பத்தரை, பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அவர்களுக்கான பதிவை நம் மாலை ஐந்தரைக்குப் போடுங்கள்.

இதில் நான் ஒரு முறை சறுக்கினேன். கடைசித் தேதியைப் போட்டேன், ஆனால் எத்தனை கிலோ செய்ய முடியும் என்று அடுப்படியில் கேட்கவில்லை. கடைசி நாளுக்கு நாலு நாள் முன்பே அவர்களால் முடிந்த அளவு நிரம்பிவிட்டது, ஆர்டரோ வந்துகொண்டே இருந்தது. முப்பது பேருக்கு மேல் பணம் திருப்பினோம். அதற்குப் பிறகு "தேதி வரை அல்லது நிரம்பும் வரை" என்றுதான் எழுதுகிறேன். தினமும் மாலை தலைமைச் சமையல் அக்காவிடம் மீதி எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் அன்றைய ஸ்டோரி போடுகிறேன்.

பிள்ளையார் நோன்பு தேதியை கூகுள்ல பாத்துப் போட்டுடலாமா?

வேண்டாம். திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சஷ்டியும் சதயமும் கூடும் நாளைத்தான் பார்க்கிறார்கள். எண்ணிப் பார்த்து நீங்களாக ஒரு தேதியைப் போட்டால் ஒரு நாள் தள்ளிப்போகலாம். நோன்பின் சடங்கான இழை எடுத்துக்கொள்வதற்கு மாவும் கருப்பட்டிப் பணியாரமும் கேட்டு வருகிறவர்கள் நகரத்தார் வீட்டுக்காரர்கள். நோன்பு நாளைத் தவறாகப் போட்ட கடையை அவர்கள் நம்ப மாட்டார்கள். பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஆச்சியிடம் கேட்டு, அவர் சொன்ன பிறகு போடுங்கள்.

ஒரு மாசத்துக்கு மொத்தமா ஷெட்யூல் பண்ணி வச்சுட்டா தினமும் பாக்க வேண்டியதில்லைல்ல?

தினமும் காலையில் ஒரு முறை பார்க்கத்தான் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை ஆச்சியின் நாத்தனார் வீட்டில் ஒரு இறப்பு, கேதம். கடை மூடியிருக்கிறது. ஏழு மணிக்கு எங்கள் பக்கத்தில் "இனிப்போடு தொடங்குங்கள்" என்று சிரிப்புப் பொம்மையோடு பதிவு போயிற்று. நான் போட்டு வைத்ததுதான். சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். நான் நீக்குவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு இன்றுவரை அது வருத்தம்தான்.

அன்று நேரமானதற்கு ஒரு காரணம் உண்டு. முன்கூட்டி வைத்த பதிவுகள் ஒரே இடத்தில் இருக்கவில்லை. சில Business Suite-இல் Planner பகுதியிலும், சில இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளும், வீடியோக்கள் YouTube Studio-விலும் இருந்தன. இப்போது இன்ஸ்டாகிராம் செயலிக்குள் எதையும் வைப்பதில்லை, எல்லாம் Planner-இல்தான். ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் ஏதேனும் நடந்தால் முதலில் உங்களுக்குப் போன் செய்யும்படி பார்சல் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆச்சி வீட்டு வளவுல ரீல் எடுக்கலாமா? ரொம்ப அழகா இருக்கே.

ஆச்சி சரி என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த வீட்டில் பங்காளிகள் பலர் இருக்கிறார்கள், பாதிப் பேர் வெளிநாட்டில். வீட்டு முகப்பும், உள்முற்றமான வளவும், பட்டாலையும் எல்லோருக்கும் பொது. நான் ஆச்சியிடம் மட்டும் கேட்டுவிட்டு, வளவில் பலகாரத் தட்டுகளைப் பரப்பி ஒரு ரீல் எடுத்தேன். அது வரை நாங்கள் போட்டதிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பங்காளி மலேசியாவிலிருந்து அழைத்து, பொது வீட்டை வியாபாரத்துக்குக் காட்டலாமா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அன்றே எடுத்துவிட்டோம்.

இப்போது இரண்டாம் கட்டு அடுப்படி, கடை முகப்பு, ஆத்தங்குடிக் கல் பதித்த கடைத் தரை இந்த மூன்று இடத்தில் மட்டும் எடுக்கிறோம். அடுப்படி ஆச்சி பங்குக்கு வந்தது, கடை அவருடையது. வேறு வீட்டில் எடுக்க வேண்டியிருந்தால், அந்த வீட்டுக் காரியங்களைப் பார்க்கும் பங்காளி யார் என்று கேட்டு அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

ரீலுக்கு சினிமாப் பாட்டு போட்டா நிறைய பேர் பாப்பாங்கல்ல, ஏன் போடல?

எங்களுடையது வணிகக் கணக்கு. சொந்தக் கணக்குக்குக் கிடைக்கிற சினிமாப் பாட்டெல்லாம் வணிகக் கணக்குக்கு உரிமையோடு கிடையாது. வேறெங்காவது சேர்த்து ஏற்றினால் சத்தத்தை எடுத்துவிடுவார்கள். Meta Sound Collection-இல் உள்ளவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் எண்ணெயில் முறுக்கு விழும் சத்தத்தை அப்படியே விட்ட ரீல்கள்தான் எங்களுக்கு ஆர்டர் கொண்டுவந்தன. வாட்ஸ்அப்பில் வந்தவர்களிடம் எதைப் பார்த்து வந்தீர்கள் என்று கேட்டுக் குறித்து வைத்ததில் தெரிந்தது இது.

கமெண்டுல விலை கேக்குறாங்க, பதிவுலயே விலையைப் போட்டுடலாமே?

போடாதீர்கள். ரீல் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் விலை ஏறிய பிறகு, பழைய ரீலைக் காட்டி அந்த விலைக்கே கேட்டு வந்தவர்கள் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை. விலை வாட்ஸ்அப் கேட்டலாகில் மட்டும் இருக்கட்டும், அங்கே ஓரிடத்தில் மாற்றினால் போதும். கமெண்டில் கேட்பவருக்குக் கேட்டலாக் இணைப்பைக் கொடுங்கள்.

"உங்க பேஜ் 24 மணி நேரத்துல நீக்கப்படும்"னு மெசேஜ் வந்திருக்கு, லிங்க்கைத் திறக்கட்டுமா?

திறக்காதீர்கள். பாஸ்வேர்டைத் திருடுவதற்காக வருவது அது. மெட்டா என்று பெயர் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு பேஜிலிருந்து அனுப்புவார்கள். மின்னஞ்சலாக வந்தால் உண்மையா என்று பார்க்க வழி இருக்கிறது: Accounts Center, Password and security, Recent emails. உண்மையில் அவர்கள் அனுப்பிய கடிதங்கள் அங்கே பட்டியலில் இருக்கும். அதில் இல்லாவிட்டால் போலி.

தெரியாமல் யாராவது திறந்து பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் திட்டாதீர்கள், மறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். உடனே பாஸ்வேர்டை மாற்றி, Where you're logged in பகுதியில் தெரியாத போன்களை வெளியேற்றி, புதிதாக எட்டு இலக்க எண்களை எடுங்கள்.

நீங்க போறீங்கல்ல, உங்க பேரை எடுத்துடட்டுமா இல்ல கொஞ்ச நாள் இருக்கட்டுமா?

எடுத்துவிட வேண்டும், ஆனால் இன்றைக்கே வேண்டாம். பேஸ்புக் பேஜில் முழு அதிகாரம் கிடைத்த புதியவர் முதல் ஏழு நாள் மற்றவரை நீக்க முடியாமல் இருக்கலாம். கூகுள் மேப் பக்கத்திலும் புதிய உரிமையாளருக்கு அதே ஏழு நாள் காத்திருப்பு உண்டு, யூடியூப் சேனலில் முதன்மை உரிமையாளரை மாற்றவும் அப்படித்தான். அதனால் எல்லாவற்றிலும் உங்களை ஒரே நாளில் சேர்த்திருக்கிறேன்.

இந்த ஏழு நாளில் எல்லா வேலையையும் நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள்: ஒரு பதிவு, ஒரு ஸ்டோரி, ஒரு சிறிய விளம்பரம், மேப்பில் விடுமுறை நேரம் மாற்றுவது. எங்காவது அனுமதி இல்லை என்று வந்தால், நான் உள்ளே இருக்கும்போதே சரிசெய்து விடலாம். எட்டாம் நாள் என்னை நீக்குங்கள். விளம்பரக் கணக்கில் அவசரத்துக்கு ஒரு முறை என் அட்டையைப் போட்டிருந்தேன், அதை நானே எடுத்துவிட்டேன். கடைக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக முன்பணம் போட்டுத்தான் இப்போது ஓடுகிறது. பிறகு இன்ஸ்டாகிராம், மின்னஞ்சல் இரண்டுக்கும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். புதியது என்ன என்று என்னிடம் சொல்ல வேண்டாம், தாளில் எழுதி ஆச்சியிடம் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.